ஹேர் கலருக்கு உண்மையில் எவ்வளவு பொருள் செலவாகிறது? அழகுநிலையம் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிறு நகரங்களில் அழகுநிலையமும் சலூனும் நடத்துகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கடையில் கூட்டம் குறையவில்லை, கலருக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், ஆனாலும் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை என்பதுதான் அநேகமாக எல்லோருடைய குறையும். கீழே வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் பில்லில் உள்ள விலையை அந்த இடத்தில் வைத்துப் போட்டுப் பாருங்கள்.

ஒரு டச் அப்புக்கு ஒரு ட்யூப் போகிறது. ட்யூப் விலைதானே செலவு? இதில் கணக்குப் போட என்ன இருக்கிறது?

ட்யூபின் விலை செலவில் ஒரு பகுதி மட்டும்தான். அதோடு கலக்கும் டெவலப்பர், இரண்டுக்கும் கட்டிய வரி, கையுறை, ஷாம்பு, கண்டிஷனர், துண்டு வெளுக்கும் செலவு எல்லாம் அந்த ஒரு வாடிக்கையாளருக்காகவே போகின்றன. அவற்றுக்குத் தனி பில் வருவதில்லை. அதனால் அவை கண்ணில் படுவதும் இல்லை.

‘ஒரு டச் அப்புக்கு ஒரு ட்யூப்’ என்பதே ஒரு பழக்கம்தான், தேவை அல்ல. 60 கிராம் ட்யூபில் அந்தத் தலைக்கு வேண்டியது 40 கிராமாக இருக்கலாம். மீதி 20 கிராம் டெவலப்பரோடு கலந்து, கிண்ணத்திலேயே தங்கி, கழுவும் தொட்டிக்குள் போய்விடும். கலரில் ஏற்படும் நஷ்டத்தின் பெரும்பகுதி அந்தத் தொட்டி வழியாகத்தான் போகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கிராமுக்கு என்ன விலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விநியோகஸ்தருக்கு நீங்கள் கொடுத்த தொகையை ட்யூபின் எடையால் வகுத்தால் போதும். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச விலையை எடுக்காதீர்கள். நீங்கள் கொடுத்தது எவ்வளவோ அதுதான் கணக்குக்கு வரும்.

60 கிராம் ட்யூப் 360 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 64 ரூபாய் 80 காசு, ஆக 424 ரூபாய் 80 காசு என்று வைத்துக்கொள்வோம். 60-ஆல் வகுத்தால் ஒரு கிராம் 7 ரூபாய் 8 காசு. ஒரு லிட்டர் டெவலப்பர் வரியோடு 708 ரூபாய் என்றால் ஒரு மில்லிக்கு 71 காசுக்குச் சற்றுக் குறைவு. டெவலப்பரில் ஒரு மில்லியும் ஒரு கிராமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் அதையும் கிராமிலேயே அளக்கலாம். உங்கள் கடையில் 50, 90 அல்லது 100 கிராம் ட்யூப் இருந்தால் கிராம் விலையை வைத்தே ஒப்பிட்டுப் பாருங்கள். விலை குறைந்ததாகத் தெரியும் ட்யூப் சில சமயம் எடையிலும் குறைந்ததாக இருக்கும்.

தராசு வாங்கத்தான் வேண்டுமா? அனுபவம் உள்ள கைக்குக் கண் அளவே போதாதா?

வாங்கத்தான் வேண்டும். ஒரு கிராம் வரை காட்டும் சாதாரண சமையலறை எலக்ட்ரானிக் தராசே போதுமானது. வெறும் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கலரைப் பிதுக்கி எடையைக் குறியுங்கள். அந்த நிறுவனம் சொல்லும் விகிதத்தில் டெவலப்பரை ஊற்றி மறுபடியும் குறியுங்கள். விகிதம் ஒன்றுக்கு ஒன்றா, ஒன்றரையா, இரண்டா என்பது பொருளுக்குப் பொருள் மாறும். அதை அட்டையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பலரும் விட்டுவிடுவது நான்காவது எடையை. கலர் போட்டு முடிந்ததும் அதே கிண்ணத்தைத் தராசில் வைத்து, எவ்வளவு மிஞ்சியது என்று எழுதுங்கள். தலைக்கு எவ்வளவு போனது என்பதை அந்த எண்தான் சொல்லும். அடுத்த முறை அதே வாடிக்கையாளருக்கு எவ்வளவு கலக்க வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரியும். வாடிக்கையாளரின் கலர் அட்டையில் ஷேடு, டெவலப்பர் வால்யூம் ஆகியவற்றின் பக்கத்திலேயே அதையும் எழுதிவையுங்கள்.

அனுபவம் உள்ள கையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கண் அளவில் டெவலப்பர்தான் முதலில் கூடும். டெவலப்பர் கூடினால் கலவை நீர்த்து வழியும், நரை சரியாகப் பிடிக்காது. பணத்துக்காக மட்டும் இல்லை, வேலை சரியாக வருவதற்கும் தராசு வேண்டும்.

கையுறை, காதுக்கவசம், ஷாம்பு இதையெல்லாம் கூடவா சேர்ப்பது? பைசாக் கணக்காக இருக்கிறதே?

ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டாம். ஒரு தடவை உட்கார்ந்து ஒரு தொகையை நிர்ணயித்துவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருத்தினால் போதும். ஷாம்பு பாட்டிலின் மூடியில் தேதி எழுதிவையுங்கள். அது தீரும்போது எத்தனை பேருக்கு வந்தது என்று பார்த்து விலையை அந்த எண்ணால் வகுத்துவிடுங்கள். கண்டிஷனர், நெற்றி ஓரம் தடவும் கிரீம், கையுறை ஆகியவற்றுக்கும் இதே வழிதான். துண்டு வெளுக்கும் செலவையும் சேர்த்து, கீழேயுள்ள கணக்குக்கு நான் 52 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முழுக் கணக்கையும் ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்.

நரை மறைக்கும் ரூட் டச் அப்பை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் கொடுப்பது 5 சதவீத வரியோடு 1,050 ரூபாய். அதில் 50 ரூபாய் அரசுக்குப் போகும். கடைக்கு வருவது 1,000. கலர் போடுகிறவருக்கு அந்த ஆயிரத்தில் 20 சதவீதம் கமிஷன், அதாவது 200. ட்யூப் 360 ரூபாய்தான் செலவு என்று நினைக்கும் உரிமையாளர் 1,050-இலிருந்து 360-ஐயும் 200-ஐயும் கழித்து, 490 ரூபாய் மிச்சம் என்று மனத்தில் வைத்திருப்பார்.

கிண்ணத்தில் நடப்பதைப் பார்ப்போம். ஒரு முழு ட்யூப் 60 கிராம், ஒன்றுக்கு ஒன்றரை விகிதத்தில் டெவலப்பர் 90 கிராம், ஆக 150 கிராம் கலவை. கலருக்கு 424.80, டெவலப்பருக்கு 63.72, சில்லறைப் பொருள்களுக்கு 52. கூட்டினால் 540 ரூபாய் ஆகிறது. ஆயிரத்திலிருந்து அதையும் கமிஷனையும் கழித்தால் மிஞ்சுவது 260. வாடகை, மின்கட்டணம், வரவேற்பில் இருப்பவர் சம்பளம் எல்லாம் இந்த 260-க்குள் அடங்க வேண்டும்.

கிண்ணத்தை மறுபடி எடை போடும்போது 45 கிராம் மிஞ்சியிருக்கிறது. அப்படியானால் தலைக்குப் போனது 105 கிராம்தான். அடுத்த முறை ஒரு சிறு கூடுதல் சேர்த்து 44 கிராம் கலரும் 66 கிராம் டெவலப்பரும் கலந்தால் கலவைக்கு 358, சில்லறைப் பொருள்களோடு 410 ரூபாய். அதே வேலை, அதே தலை, 130 ரூபாய் குறைவு. ஒரு நாளைக்கு மூன்று டச் அப், மாதம் 26 வேலை நாள் என்று வைத்தால் மாதம் பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் தொட்டியில் போய்க்கொண்டிருந்தது என்று பொருள்.

மிஞ்சிய கலவையை மூடிவைத்து அடுத்தவருக்குப் போட்டால் என்ன?

கூடாது. கலரும் டெவலப்பரும் சேர்ந்த நொடியிலிருந்து ரசாயன மாற்றம் தொடங்கிவிடுகிறது. சிறிது நேரத்தில் கலவை கருத்து வீரியம் இழக்கும். அதை நரையில் போட்டால் பிடிக்காது. மூடிய பாட்டிலில் வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் உப்பும், வெடிக்கவும் கூடும். கலந்ததைக் காப்பாற்ற வழியில்லை. கலக்காமல் இருப்பது ஒன்றுதான் வழி.

குறைவாகக் கலந்து, பாதியில் தீர்ந்துவிட்டால்? என் கடைப் பெண்கள் இதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

நியாயமான பயம்தான். பாதி நரை மறைந்த தலையோடு ஒருவரை அனுப்ப முடியாது. இதற்கு நான் சொல்லும் வழி இரண்டு கிண்ணம். புதிய வாடிக்கையாளர் என்றால் முதலில் 30 கிராம் கலர் மட்டும் கலந்து, நரை அதிகம் தெரியும் நெற்றி ஓரம், வகிடு, காதோரம் ஆகிய இடங்களை முடியுங்கள். கிண்ணம் காலியாகப் போகிறது என்று தெரியும்போது 10 அல்லது 15 கிராம் புதிதாகக் கலக்கலாம். ஒரே விகிதத்தில் எடைபோட்டுக் கலந்தால் இரண்டு கிண்ணத்துக்கும் நிறம் மாறாது. கண் அளவில் கலந்தால்தான் மாறும். பழைய வாடிக்கையாளருக்குக் கலர் அட்டையில் உள்ள எண்ணே போதும்.

முதல் மாதம் மிச்சத்துக்காக யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் மிச்சத்தை எடை போடுவதற்கு முன்பே தொட்டியில் ஊற்றிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது முதலில் உண்மையான எண்கள்.

44 கிராம் எடுத்தால் ட்யூபில் 16 கிராம் மிஞ்சுகிறது. அது வீணானால் மிச்சப்படுத்தியது எங்கே?

மிகச் சரியான கேள்வி. கிராம் கணக்கு செல்லுபடியாவது வேகமாக ஓடும் ஷேடுக்கு மட்டும்தான். நரை மறைக்கும் இயற்கைக் கருப்பும் அடர்பழுப்பும் எந்தக் கடையிலும் தினமும் போகும். மிஞ்சிய 16 கிராம் மறுநாளே தீர்ந்துவிடும். மூடியை இறுக்கி, காற்று போகாதபடி ட்யூபை அடியிலிருந்து சுருட்டி வைத்தால் போதும்.

செம்பு நிறமோ பர்கண்டியோ இரண்டு மாதத்துக்கு ஒருவர்தான் கேட்கிறார் என்றால் கதை வேறு. திறந்த ட்யூப் வாய்ப்பக்கம் காய்ந்து, நிறம் மாறி, கடைசியில் குப்பைக்குத்தான் போகும். அப்படிப்பட்ட ஷேடுக்கு எத்தனை கிராம் எடுத்தாலும் முழு ட்யூப் விலையையும் அந்த வாடிக்கையாளரின் கணக்கிலேயே எழுதுங்கள். மிச்சம் பிற்பாடு யாருக்காவது பயன்பட்டால் நல்லது. ஆனால் அதை எதிர்பார்த்து விலை வைக்காதீர்கள். அலமாரியில் பாதி ட்யூப்கள் எத்தனை கிடக்கின்றன என்று இன்று எண்ணிப் பார்த்தால், எந்த ஷேடுகளை இனி வாங்கக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

முன்பெல்லாம் வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்வோமே. அதை ஏன் செலவில் சேர்க்கிறீர்கள்?

2025 செப்டம்பர் 22 முதல் அது மாறிவிட்டது. அதுவரை அழகுநிலையச் சேவைக்கு 18 சதவீதம் வரி. வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ளலாம். இப்போது சேவைக்கு 5 சதவீதம், ஆனால் உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது. முடிச்சாயத்தின் மேல் 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. ஆகவே முன்பு 360 ரூபாயாக இருந்த ட்யூப் செலவு இப்போது உங்கள் கணக்கில் 424 ரூபாய் 80 காசு.

வரி குறைந்தது என்று மகிழ்ந்து பலர் விலைப்பட்டியலைக் குறைத்தார்கள். முடிவெட்டுவது போலப் பொருள் அதிகம் தேவைப்படாத வேலைக்கு அது சரி. கலர், ஸ்மூத்தனிங் போலப் பொருளை விழுங்கும் வேலைகளில் அடிப்படைச் செலவு ஏறியிருக்கிறது. அந்த வேலைகளுக்கு விலையைத் தனியாகப் பார்த்து வைக்க வேண்டும். ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்துக்கு உட்பட்டு ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர்களுக்கு இந்த வரி என்றுமே செலவுதான். அவர்களுக்கு இதில் மாற்றமில்லை. ஷாம்பு பாட்டிலை வீட்டுக்கு விற்பது சேவை அல்ல, சரக்கு விற்பனை. அதன் வரியை எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘பத்து வாங்கினால் இரண்டு இலவசம்’ என்று தருகிறார்கள். அதை எப்படிக் கணக்கில் கொள்வது?

பத்து ட்யூபுக்கு வரியோடு 4,248 ரூபாய் கொடுத்துப் பன்னிரண்டு வாங்கினால் ஒன்றின் விலை 354, கிராமுக்கு 5 ரூபாய் 90 காசு. நல்ல குறைவுதான். ஆனால் பன்னிரண்டும் தீர்ந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். இலவசமாக வரும் இரண்டும் யாரும் கேட்காத ஷேடாக இருந்தால் அவற்றுக்கு மதிப்பே இல்லை. விலையைப் பத்தாலேயே வகுங்கள். இலவச ட்யூபையும் உங்களுக்கு ஓடும் ஷேடிலேயே கேட்டு வாங்குங்கள். கொடுக்கமாட்டேன் என்றால் அது தள்ளுபடி இல்லை, அவர்களுடைய தேங்கிய சரக்கு.

இடுப்பு வரை முடி உள்ளவர்கள் வருகிறார்கள். முழுத் தலைக் கலருக்கு ஒரே விலை போட்டிருக்கிறேன். மாற்றலாமா?

கட்டாயம் மாற்றுங்கள். நம் ஊரில் முடி நீளமும் அடர்த்தியும் ஒருவருக்கொருவர் மிகவும் வேறுபடும். தோள் வரையுள்ள மெல்லிய முடிக்கு ஆகும் கலரைப்போல இரண்டு மூன்று மடங்கு இடுப்பு வரை தொங்கும் அடர்ந்த முடிக்கு ஆகும். நீளத்தை மட்டும் வைத்து விலை போட்டால் அடர்த்தி விடுபட்டுப்போகிறது. அதனால் நான் விரும்புவது கிராம் அடிப்படை. விலையில் இத்தனை கிராம் கலர் அடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அரை ட்யூபுக்கும் இவ்வளவு என்று பட்டியலில் எழுதிவையுங்கள்.

அந்தக் கூடுதல் தொகையை எப்படி வைப்பது என்பதில்தான் பலர் இடறுகிறார்கள். அரை ட்யூப் 30 கிராம், டெவலப்பர் 45 கிராம், பொருள் செலவு 244 ரூபாய். 300 வாங்கினால் லாபம் என்று தோன்றும். அந்த 300-இல் வரி போக 285 ரூபாய் 71 காசு. அதன்மேல் 20 சதவீதக் கமிஷன் போக 228 ரூபாய் 57 காசு. கூடுதல் அரை ட்யூப் ஒவ்வொன்றிலும் நீங்கள் கைக்காசு போடுகிறீர்கள். 450 வாங்கினால் ஏறத்தாழ 99 ரூபாய் நிற்கும். தொகை எதுவானாலும் கலக்குவதற்கு முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். கலர் தலையில் ஏறிய பிறகு விலை சொன்னால் அந்த வாடிக்கையாளர் மறுபடி வரமாட்டார்.

ஹைலைட்ஸில் ப்ளீச் பவுடர் மலிவுதானே? அதில் நல்ல லாபம் இல்லையா?

பவுடர் மலிவுதான். ஆனால் செலவு அங்கே முடிவதில்லை. கருமுடியை வெளுத்தால் ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ நிற்கும். கேட்ட நிறம் வர அதன்மேல் டோனர் போட்டாக வேண்டும். 500 கிராம் பவுடர் வரியோடு 900 ரூபாய் என்றால், 60 கிராம் பவுடரும் 120 கிராம் டெவலப்பரும் 193 ரூபாய்தான். 30 கிராம் டோனரும் 60 கிராம் டெவலப்பரும் 255 ரூபாய். மலிவான ப்ளீச்சை எழுதிவைத்து, அதைவிட அதிகம் ஆகும் டோனரை விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. ஃபாயில், இரண்டு முறை அலசும் ஷாம்பு, சேதம் தடுக்கும் சிகிச்சை ஆகியவையும் சேரும்.

ப்ளீச் திறந்த கிண்ணத்தில் சீக்கிரம் காயும். ஃபாயில் வைக்க நேரமாகும் என்பதால் மொத்தமாகக் கலந்தால் பின்பாதி வீரியம் இழந்து, முன்பக்கம் ஒரு நிறமும் பின்பக்கம் ஒரு நிறமுமாக வரும். பகுதி பகுதியாகச் சிறிது சிறிதாகக் கலக்குங்கள். நிறமும் சீராக இருக்கும், மிச்சமும் குறையும்.

தீபாவளிக்கு 25 சதவீதம் தள்ளுபடி போடலாமா?

மேலே போட்ட டச் அப்பையே பாருங்கள். 1,050-இல் 25 சதவீதம் போனால் 787 ரூபாய் 50 காசு. வரி நீங்கக் கடைக்கு 750. பொருள் செலவில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. முழு ட்யூப் பிதுக்கும் கடையில் 540-ஐயும் 150 ரூபாய் கமிஷனையும் கழித்தால் மிஞ்சுவது 60 ரூபாய். எடைபோட்டுக் கலக்கும் கடையில் 190. விலை கால்பங்கு குறையும்போது முதல் கடையின் மிச்சம் முக்கால்பங்குக்கு மேல் போய்விடுகிறது. பண்டிகைக் கூட்டத்தில் கடை நிறையும், ஓய்வில்லாமல் உழைப்பீர்கள், பணம் மட்டும் நிற்காது.

தள்ளுபடி கொடுத்தே தீர வேண்டும் என்றால், பொருள் அதிகம் தேவைப்படாத வேலைகளில் கொடுங்கள். கலர் செய்கிறவர்களுக்கு முடிவெட்டில் பாதி விலை என்று அறிவிப்பது கலரையே குறைப்பதைவிட நல்லது.

கமிஷனைப் பொருள் செலவு கழித்த பிறகு கொடுத்தால் அவர்களே சிக்கனமாக இருப்பார்கள் அல்லவா?

கேட்க நன்றாக இருக்கும் யோசனை. ஆனால் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு கிராமும் தன் சம்பளத்தில் கைவைக்கிறது என்றால் தலைக்கு வேண்டியதையே குறைத்துப் போடுவார்கள். மெல்லிய பூச்சில் நரை பிடிக்காது, வாடிக்கையாளர் இரண்டே நாளில் திரும்பி வருவார். மறுபடி செய்யும் வேலைக்கு வருமானம் இல்லை, பொருளும் நேரமும் மட்டும் போகும். இருபதில் ஒன்று இப்படித் திரும்பினாலே ஒவ்வொரு டச் அப்பின் மேலும் 20 ரூபாய் ஏறிவிடும்.

தலைக்குப் போன கலரில் கைவைக்காதீர்கள். கிண்ணத்தில் மிஞ்சியதை மட்டும் பாருங்கள். மிச்சம் 10 கிராமுக்குள் இருந்த வேலைகளுக்கு மாதக் கடைசியில் ஒரு சிறு ஊக்கத்தொகை கொடுக்கலாம். அளவாகக் கலக்கும் திறமைக்குத்தான் அந்தப் பரிசு.

எல்லாவற்றையும் எழுதுகிறோம். ஆனாலும் சரக்கு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. யாராவது எடுக்கிறார்களா?

ஆளைச் சந்தேகிப்பதற்கு முன் எண்ணைப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் அலமாரியில் இருந்த கலரை எடை போட்டு 2,340 கிராம் என்று குறித்தீர்கள். மாதத்தில் 60 ட்யூப், அதாவது 3,600 கிராம் வாங்கினீர்கள். கடைசியில் இருப்பு 2,100. போனது 3,840 கிராம். ஊழியர்கள் எழுதிய சீட்டுகளைக் கூட்டினால் 3,320. இடைவெளி 520 கிராம். பாதி ட்யூப்களை எடை போடும்போது காலி ட்யூபின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள்.

இதில் ஒரு பகுதிக்கு விளக்கம் இருக்கும். தூக்கியெறிந்த ட்யூப் ஒன்றைக் கத்தரித்து, உள்ளே ஒட்டியிருப்பதை வழித்து எடை போடுங்கள். மூன்று கிராம் வந்தால், அந்த மாதம் தூக்கியெறிந்த 62 ட்யூபுக்கு 186 கிராம் அங்கே போய்விட்டது. ட்யூப் பிழியும் சாவி ஒன்று வாங்கினால் அதில் பெரும்பகுதி மீளும். மீதி 334 கிராம், ரூபாயில் ஏறத்தாழ 2,365. காய்ந்து எறிந்தவை, மறுபடி செய்த வேலை, ஊழியர்கள் தங்கள் தலைக்குப் போட்டுக்கொண்டது, அவசரத்தில் எழுதாமல் விட்டது எல்லாம் இதில் இருக்கலாம். இவற்றுக்கும் வாடிக்கையாளர் சீட்டைப் போலவே ஒரு சீட்டு எழுதும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். இரண்டு மாதம் அப்படி எழுதியும் இடைவெளி குறையவில்லை என்றால் அப்போது அலமாரிக்குப் பூட்டுப் போடலாம்.

கடைசியாக, பொருள் செலவு விலையில் எத்தனை சதவீதம் இருந்தால் சரி?

ஒரே சதவீதத்தை எல்லாச் சேவைக்கும் வைக்க முடியாது. எடைபோட்டுக் கலந்த நம் டச் அப்பிலேயே பொருள் செலவு 41 சதவீதம் வருகிறது. முடிவெட்டில் அது ஐந்தைத் தாண்டாது. இரண்டையும் ஒப்பிட, ஒரு நாற்காலி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மிச்சம் தருகிறது என்று பாருங்கள்.

டச் அப்பில் மிஞ்சுவது 390 ரூபாய், நாற்காலி ஒன்றரை மணி நேரம் போகிறது, மணிக்கு 260. முழு ட்யூப் பிதுக்கினால் மணிக்கு 173. வரி நீங்க 300 ரூபாய் வாங்கும் முடிவெட்டில் பொருளுக்கு 15, கமிஷனுக்கு 60 போக 225 நிற்கும். முக்கால் மணி நேர வேலை என்றால் மணிக்கு 300. ஆயிரம் ரூபாய் வேலையைவிட முந்நூறு ரூபாய் வேலை அதிகம் தருகிறது. இதைப் பார்த்துக் கலரை நிறுத்திவிட வேண்டியதில்லை. கலர் ஊறும் முப்பது நாற்பது நிமிடமும் ஊழியரின் கை சும்மா இருக்கிறது. அந்த நேரத்தில் வாடிக்கையாளரை வேறு இருக்கையில் அமர்த்தி, நாற்காலியில் ஒரு முடிவெட்டை முடிக்க முடிகிற கடையில் கணக்கு கலருக்குச் சாதகமாகத் திரும்பும். இரண்டே நாற்காலி, காத்திருக்க இடமில்லை என்றால் டச் அப்பின் விலையை ஏற்றுவதா, சனி ஞாயிறு நெரிசலில் அதற்கு முன்பதிவு கொடுக்காமல் வாரநாள்களுக்கு நகர்த்துவதா என்று யோசிக்க வேண்டும். நான் முதலில் வாரநாள்களுக்கு நகர்த்திப் பார்ப்பேன்.